நிஜ போலீஸ் உங்கள் பணத்தை எப்படிப் பிடிக்கும்?

போலீஸ் மாதிரி வீடியோவில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட் மோசடி பற்றிய எச்சரிக்கைகளுக்குக் குறைவே இல்லை. யாருக்காவது போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன்னால் எச்சரிக்கைக் குரல் வந்த காலம் ஒன்று இருந்தது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தன் வானொலி உரையில் இதைப் பற்றிப் பேசினார். அப்படியிருந்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர், டாக்டர், இன்ஜினீயர் என்று ஆட்கள் ஏமாந்துகொண்டேதான் இருக்கிறார்கள். "இவ்வளவு படிச்சவங்க எப்படி ஏமாறுறாங்க?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. அந்தக் கேள்வியில் இருக்கும் ஏளனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏமாந்தவர்களின் படிப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் நம்முடைய எச்சரிக்கையைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

"டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் இல்லை" என்கிறோம். உண்மைதான், இல்லை. ஆனால் மாட்டிக்கொண்டவரிடம் பெரும்பாலும் அந்தப் பெயரே சொல்லப்படுவதில்லை. "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறோம்" என்று ஒருவன் ஆரம்பித்தால் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். அவன் சொல்வது வேறு: "உங்களைக் கைது செய்யாமல் இருக்க நான் உதவி செய்கிறேன்."

என் சித்திக்கு நடந்தது அப்படித்தான். வயது 68, தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். முதலில் வந்தது பதிவு செய்யப்பட்ட குரல். உங்கள் பார்சலைக் கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்திருக்கிறது, விவரத்துக்கு 9-ஐ அழுத்துங்கள். அழுத்தினார். கூரியர் கம்பெனி ஆள் என்று ஒரு பையன், நல்ல மரியாதையாகப் பேசினான். மும்பையிலிருந்து தைவானுக்கு உங்கள் பெயரில் ஒரு பார்சல், உள்ளே 5 பாஸ்போர்ட், 140 கிராம் போதை மருந்து என்றான். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சரியாகச் சொன்னான். சித்தி பதறி, "நான் அனுப்பலையே" என்றதும் அவன் உடனே ஒத்துக்கொண்டான். "அப்படின்னா உங்க ஆதாரை யாரோ திருடிட்டாங்க மேடம், உடனே ஒரு புகார் குடுத்துடுங்க, நானே மும்பை போலீஸுக்கு லைன் போட்டுத் தர்றேன்."

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சித்தி உள்ளே போனது குற்றவாளியாக இல்லை, புகார் கொடுப்பவராக. புகார் கொடுக்க வீடியோவில் வரச் சொன்னால் யாரும் தயங்க மாட்டார்கள். திரையில் காக்கிச் சட்டை, பின்னால் கொடி, எங்கோ வயர்லெஸ் சத்தம். புகாரை எழுதிக்கொள்கிற மாதிரியே அரைமணி நேரம் போனது. நடுவில் அவன் எதையோ கணினியில் தேடிப் பார்த்துவிட்டு முகம் மாறி, "உங்க ஆதார்ல ஒரு அக்கவுண்ட் இருக்கு, அதுல கோடிக்கணக்குல ஹவாலாப் பணம் வந்திருக்கு" என்றான். அங்கிருந்து சித்தி சந்தேகத்துக்குரியவர். அப்புறம் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அவர் நன்றாகத் தமிழ் பேசினார். "உங்களைப் பார்த்தா எங்க அம்மா மாதிரி இருக்கு. இந்த வயசுல மும்பைக்குக் கூட்டிட்டு வந்து உள்ள வைக்க எனக்கு மனசு இல்ல. வீடியோவுலேயே விசாரணையை முடிச்சிடலாம், ஒத்துழைப்பீங்களா?"

யாராக இருந்தாலும் ஒத்துழைக்கத்தான் செய்வார்கள். அதன் பிறகு அறைக் கதவைச் சாத்து, கேமராவை அணைக்காதே, மகனிடம்கூடச் சொல்லக் கூடாது, இது தேச ரகசியம், சொன்னால் அவனும் வழக்கில் சேருவான் என்று வரிசையாக வந்தது. இரவு முழுக்கப் போன் மேஜையில் சாய்த்து வைக்கப்பட்டு, கேமரா கட்டிலைப் பார்த்தபடியே இருந்தது. மறுநாள் காலையில்தான் பணப் பேச்சு எடுத்தார்கள். அதையும் கேட்கிற மாதிரி கேட்கவில்லை. "உங்க பணம் சுத்தமானதான்னு ரிசர்வ் வங்கி சரிபார்க்கணும். வைப்புத் தொகையை நாங்க சொல்ற கணக்குக்கு மாத்துங்க, 48 மணி நேரத்துல திரும்பி வந்துடும்" என்றார்கள். சித்தியின் ஃபிக்ஸட் டெபாசிட் 18 லட்சம்.

வங்கிக்குப் போகும்போதும் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. போன் கைப்பையில் இருந்தது. எதற்கு என்று கேட்டால் மனை வாங்க என்று சொல்ல வேண்டும். கவுண்ட்டரில் இருந்த பெண் அதிகாரி ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தைப் பார்த்தார். பணம் பெறுபவர் என்ற இடத்தில் ஏதோ ஒரு டிரேடர்ஸ், வேறு மாநிலத்தில் ஒரு வங்கிக் கிளை. "மனை எங்கம்மா வாங்குறீங்க?" சித்தி ஏதோ ஒரு ஊரைச் சொன்னார். "விக்கிறவர் பேரு?" பதில் வரவில்லை. சித்தியின் கண் கைப்பைப் பக்கம் போனதை அந்தப் பெண் பார்த்துவிட்டார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ஒரு பே-இன் சிலிப்பின் பின்பக்கத்தில் "போனில் யாராவது மிரட்டுகிறார்களா?" என்று எழுதி, கையெழுத்து வாங்குகிற மாதிரி அதைத் தள்ளி வைத்தார். சித்தி தலையை மட்டும் அசைத்தார். பணம் தப்பியது.

அன்று இரவு நான் போயிருந்தபோது சித்தி கேட்டதுதான் இத்தனை நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. "அவன் பொய்யின்னு இப்பத் தெரியுது. சரி, நெஜமாவே என் பேர்ல கேஸ் இருந்தா எப்படி வந்திருப்பாங்க? நெஜம் எப்படி இருக்கும்னு யாருமே சொல்லலையேடா?"

ஒரு கடிதம் போதும்

நான் வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காவல்துறை ஒருவரின் பணத்தை எப்படிப் பிடித்து வைக்கும் என்பதை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அது மிகச் சாதாரணமாக நடக்கும். விசாரணை அதிகாரியிடமிருந்து கிளைக்கு ஒரு கடிதம் வரும், இப்போதெல்லாம் மின்னஞ்சலிலும் வரும். குற்ற எண், காவல் நிலையம், எந்தச் சட்டப் பிரிவு, எந்தக் கணக்கு எண், அதிகாரியின் பெயர், கையெழுத்து, முத்திரை எல்லாம் அதில் இருக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-வது பிரிவு என்று குறிப்பிடுவார்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு. வங்கிக் கணக்கும் இந்தப் பிரிவுக்குள் வரும் சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. கடிதம் உண்மையானதுதானா என்று பார்த்துக்கொண்டு நாங்கள் கணினியில் பற்று முடக்கம் போடுவோம். அவ்வளவுதான் வேலை.

முடக்கம் போட்ட பிறகு பணம் எங்கும் போகாது. அதே கிளையில், அதே கணக்கில், அதே பெயரில் இருக்கும். எடுக்க முடியாது என்பது மட்டும்தான் வித்தியாசம். கணக்குக்காரருக்கு இது எப்போது தெரியும்? ஏ.டி.எம்.மில் அட்டையைச் செருகும்போது, அல்லது காசோலை திரும்பும்போது. கோபமாகக் கிளைக்கு ஓடி வருவார். நாங்கள் கடிதத்தில் உள்ள குற்ற எண்ணையும் காவல் நிலையத்தையும் சொல்வோம். பிறகு அவர் அங்கேயோ நீதிமன்றத்துக்கோ போய் முறையிட வேண்டும். இந்த அதிகாரம் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுகிறது, சம்பந்தமில்லாதவர்களின் கணக்கும் முடங்கிக் கிடக்கிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு, அது தனிக் கதை. இங்கே பார்க்க வேண்டியது, முன்கூட்டி யாரும் போன் செய்து சொல்வதில்லை என்பதை. சொன்னால் அந்த ஆள் இரவோடு இரவாகக் கணக்கைக் காலி செய்துவிட மாட்டாரா?

இதைச் சித்திக்குச் சொல்லும்போதுதான் எனக்கே முழுதாக உறைத்தது. கறுப்புப் பணம் என்று நிஜமாகவே சந்தேகப்பட்டால், அரசு செய்யும் முதல் வேலை அந்தப் பணம் அசையாமல் பார்த்துக்கொள்வது. அதை நிறுத்த அரசுக்கு உங்கள் ஒத்துழைப்பு தேவையே இல்லை, உங்கள் வங்கியின் ஒத்துழைப்பு போதும். அமலாக்கத் துறையும் இப்படித்தான் வங்கிக்கு உத்தரவு அனுப்பி முடக்கும். சொத்தைத் தற்காலிகமாகப் பறிமுதல் செய்தால்கூட அதற்கு எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும், தனி ஆணையம் அதை 180 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். பணத்தை நகர்த்து என்று உங்களிடமே கேட்பவனுக்கு இந்தக் கடிதத்தை எழுதும் அதிகாரம் இல்லை. உங்கள் விரலும் உங்கள் கையெழுத்தும் இல்லாமல் அவனால் ஒரு ரூபாயைக்கூடத் தொட முடியாது, அதனால்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுகிறான். சித்தியிடம் ஒரு பகலும் ஒரு இரவும் பேசினார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

"சரிபார்ப்பு" என்பதும் அப்படியே. கணக்கில் இருப்பது ஒரு பதிவு, அங்கே எடுத்துப் புரட்டிப் பார்க்க நோட்டுக்கட்டு கிடையாது. 18 லட்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் கணக்கு அறிக்கையைப் பார்த்தால் போதும்: ஓய்வூதியப் பலன் எந்தத் தேதியில் வரவானது, எப்போது டெபாசிட் ஆனது, எல்லாம் வரிவரியாக இருக்கும். போலீஸ் எழுதிக் கேட்டால் வங்கி சான்றளித்துக் கொடுக்கும், அதற்கென்றே 1891-லிருந்து சட்டம் இருக்கிறது. பணத்தை இன்னொரு கணக்குக்கு மாற்றினால் எதுவும் நிரூபணமாகாது. அப்புறம், ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அதன் பெயரைச் சொல்லிவிட்டு ஏதோ ஒரு டிரேடர்ஸின் கணக்கு எண்ணைத் தந்தால், அது வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் கணக்கு.

கஸ்டம்ஸுக்கும் இதே நியாயம்தான். பார்சலில் போதை மருந்து இருந்தால் பார்சலைப் பறிமுதல் செய்வார்கள், சாட்சிகள் முன்னால் மகஜர் எழுதுவார்கள், சம்மனும் காரணம் கேட்கும் நோட்டீஸும் வரும். அபராதம் என்பது உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு எழுத்தில் வரும் ஆணை. 2019 நவம்பரிலிருந்து சுங்கத் துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும், மறைமுக வரிகள் வாரியமான சி.பி.ஐ.சி.யின் இணையதளத்தில் அதைப் போட்டு உண்மையானதா என்று பார்த்துக்கொள்ளலாம். கூரியர் கம்பெனியிலிருந்து போலீஸுக்கு "லைன் போட்டுத் தரும்" வசதி எங்கும் கிடையாது. லைன் மாறியதாகத் தெரிந்த அந்த நொடியில் போன் பக்கத்து நாற்காலிக்காரன் கைக்குப் போயிருக்கும்.

யாரிடமும் சொல்லாதே

பணத்துக்கு அடுத்தபடியாக என்னை யோசிக்க வைத்தது அந்த ரகசியக் கட்டளை. கைது பற்றிய நம் சட்டத்தைப் பார்த்தால், யாருக்கும் தெரியாமல் ஒருவரைக் கொண்டுபோய்விடக் கூடாது என்ற கவலைதான் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. இதெல்லாம் எப்போதும் ஒழுங்காக நடக்கிறதா என்றால் இல்லை, ஆனால் சட்டம் சொல்வது இதைத்தான்.

அந்த மோசடிக்காரன் சித்தியிடம் சொன்ன ஒவ்வொன்றும் இதற்கு நேர் எதிர். மகனுக்குச் சொல்லாதே. வக்கீல் வேண்டாம். கதவைச் சாத்து. நிஜ விசாரணையில் மகனுக்குத் தெரிந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் மோசடியில் மகன் அறைக்குள் எட்டிப் பார்த்து, "யார்மா அது?" என்று கேட்டாலே ஆட்டம் முடிந்தது. ஆகவே ரகசியம் யாருக்குத் தேவைப்படுகிறது என்று பார்த்தாலே எதிரில் இருப்பது யார் என்று புரிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தைச் சொன்னதும் சித்திக்கு ஆச்சரியம். சாட்சியாக விசாரிக்க போலீஸ் ஒருவரை அழைக்கலாம், ஆனால் பெண்களையும் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வெளியே வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. புதிய சட்டத்தின் 179-வது பிரிவு அது, பழைய சட்டத்திலும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இருந்தது, ஆண்களுக்கான வயது வரம்பு மட்டும் 65. தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்த்து "மும்பைக்கு வர வேண்டியிருக்கும்" என்று பயமுறுத்துகிறார்களே, சாட்சி என்ற நிலையில் போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

வீடியோ என்றாலே பொய்யா?

இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். வீடியோ என்றாலே பொய் என்று நானும் முதலில் சொல்லிவிட்டேன், அப்புறம் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. நீதிமன்றங்கள் வீடியோ வழியாக வழக்குகளை நடத்துகின்றன. புதிய நடைமுறைச் சட்டம் மின்னணு வழியில் பல வேலைகளைச் செய்ய இடம் கொடுக்கிறது. இது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும், மோசடிக்காரனுக்கும் தெரியும். 2024-இல் வர்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை ஏமாற்றியவர்கள் போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே இணையத்தில் நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதி என்று ஒருவனை உட்கார வைத்திருந்தார்கள். 7 கோடி ரூபாய் போயிற்று, அதில் பெரும்பகுதியைப் பிறகு மீட்டார்கள். நாடு முழுக்கத் தொழில் நடத்துகிறவருக்கே அது நிஜமாகத் தெரிந்திருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும், புதிய சட்டத்தின் 35-வது பிரிவு நோட்டீஸைப் போலீஸ் வாட்ஸ்அப்பிலோ வேறு மின்னணு வழியிலோ அனுப்பக் கூடாது, சட்டம் சொல்லும் முறையில் மட்டுமே சேர்ப்பிக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு இறுதியில் இந்த மோசடிகளை அந்த நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியிடம் உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவுகளைக் காட்டிப் பணம் பறித்திருந்தார்கள். டிசம்பரில் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவானது.

ஆகவே திரையில் தெரியும் காக்கியையும் முத்திரையையும் உற்றுப் பார்த்து நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க முயற்சி செய்வது வீண். போலியை எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றலாம். ஆனால் மோசடிக்காரன் கடைசியில் பணத்தைக் கேட்டே ஆக வேண்டும், அதை அவனால் மறைக்க முடியாது. ஜாமீன் தொகை, காப்புத் தொகை, சரிபார்ப்பு, அபராதம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. போனில் இருக்கும் அதிகாரி சொல்லும் கணக்குக்குப் பணம் அனுப்பி முடியும் குற்ற விசாரணை நம் நாட்டில் இல்லை. பெரும்பாலும் ஜாமீன் கொடுப்பது நீதிமன்றம், அதற்கான பிணையும் அங்கேதான் போகும்.

சந்தேகம் வந்தால் சித்திக்கு நான் சொன்ன வழி இது. "நோட்டீஸை எழுத்துல அனுப்புங்க, எங்க ஊர் ஸ்டேஷன்ல வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். நிஜ அதிகாரிக்கு இதில் எந்தச் சங்கடமும் கிடையாது, அவர் உள்ளூர் ஸ்டேஷன் மூலம் வந்து சேருவார். பிறகு 112-க்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ நாமே எண்ணைத் தேடிப் பேசலாம். அவன் கொடுக்கும் எண்ணில் பேசினால் அவனுடைய ஆள்தான் எடுப்பான். வைத்துவிட்ட பிறகு விடாமல் அழைப்பார்கள். சித்திக்கும் வாரண்ட் என்று சிங்கமுத்திரை போட்ட காகிதம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது, ஒரு மணி நேரத்தில் வீட்டு வாசலுக்கு வருகிறோம் என்றார்கள். யாரும் வரவில்லை.

பணம் போயிருந்தால்

சித்திக்குப் போகவில்லை. போனவர்களுக்கு நேரம்தான் எல்லாம். 1930-க்கு உடனே அழைக்க வேண்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதிய வேண்டும். பணம் அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை எண், பெற்றவரின் கணக்கு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் நேரம் மிச்சமாகும். புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும், அங்கே மிச்சமிருக்கும் தொகையை நிறுத்தி வைப்பார்கள். முதல் கணக்கிலிருந்து பத்து கணக்குக்கும், அங்கிருந்து இன்னும் நூறு கணக்குக்கும் பிரித்து அனுப்புவதுதான் அவர்கள் தொழில். அந்த ஓட்டம் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு மகனிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டால் நிறுத்த எதுவும் மிச்சம் இருக்காது. நிறுத்தி வைத்த பணமும் தானாகத் திரும்பி வராது, பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருக்கும்.

பணம் போகவில்லையே, எதற்குப் புகார் என்று சித்தி முதலில் தயங்கினார். ஆனால் அவர் பூர்த்தி செய்த அந்த ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தில் ஒரு கணக்கு எண் இருந்தது, அது அன்றைக்கு உயிரோடு இருக்கும் கணக்கு. வேறு யாரோ ஒருவர் எந்த ஊரிலோ கதவைச் சாத்திக்கொண்டு அதே எண்ணை எழுதிக்கொண்டிருக்கலாம். அதனால் மறுநாள் காலை படிவத்தின் நகலையும், அழைப்பு வந்த எண்களையும், அந்த வாரண்ட் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த எஸ்.ஐ. முதலில் கேட்டது கணக்கு எண்ணைத்தான். அதை எழுதிக்கொண்டு, அந்த வங்கிக்கு முடக்கக் கடிதம் அடிக்கச் சொன்னார்.